திரும்பி வந்த செல்போன்

சென்னையில் செங்குன்றத்தைத் தாண்டிப் போனால் சாலையின் இரு பக்கமும் கிடங்குகள்தான். அவற்றில் ஒன்றில், ஆன்லைனில் வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிய சரக்கு வந்து இறங்கும் பகுதியில் ஒரு பகல் முழுக்க நின்றிருந்தேன். நீண்ட மேஜை, அதன் மேல் நீல நிற ரப்பர் விரிப்பு, தலைக்கு மேலே வெள்ளை விளக்கு. மேஜைக்கு முன் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். ஒரு செல்போனை எடுத்தார். ஊசியால் குத்தி சிம் தட்டை வெளியே இழுத்தார். அந்தச் சின்னப் பொந்துக்குள் பேனா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார்.

"உள்ளே ஒரு புள்ளி தெரியுதா சார்? வெள்ளையா இருக்கணும். இது சிவந்துபோச்சு. தண்ணி போயிருக்கு."

வாங்கியவர் குறித்திருந்த காரணம், 'சார்ஜ் நிற்கவில்லை'. பெட்டி புதிது, திரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கப்படவில்லை. அந்தப் புள்ளி மட்டும் வேறு கதை சொன்னது. அவர் கணினியில் ஒரு எழுத்தைத் தட்டினார். போன் சிவப்புத் தட்டுக்குப் போனது. எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

'ரிட்டர்ன்' பொத்தானை அழுத்திப் பணம் திரும்ப வந்துவிட்டால் நமக்கு அந்தப் பொருளின் கதை முடிந்துவிடும். பொருளுக்கு அங்கேதான் ஆரம்பம். அது மறுபடி புதிதாக விற்குமா, பழுது பார்க்கப்படுமா, மொத்த விலைக்குத் தள்ளப்படுமா, காயலான் கடைக்குப் போகுமா என்பதைப் பொருளின் தரம் மட்டுமே முடிவு செய்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அன்று புரிந்தது வேறு. அதைத் தொட்டுப் பார்க்க ஆகும் கூலியும், அது காத்திருக்கும் நாள்களும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். திரும்பி வருபவை எல்லாம் ஒரே வகை இல்லை. கேஷ் ஆன் டெலிவரியில் ஆர்டர் போட்டுவிட்டு, வாசலில் ஆள் வந்து நிற்கும்போது 'வேண்டாம்' என்கிறவர்கள் உண்டு. போனை எடுக்காதவர்களும் உண்டு. அந்தப் பார்சல் பிரிக்கப்படாமலே திரும்பும். கிடங்கில் இதை 'ஆர்டிஓ' என்கிறார்கள். சீல் உடையாமல் இருந்தால் அது அப்படியே அலமாரிக்குப் போய்விடும். போக வர ஆன வண்டிச் செலவு மட்டும் விற்றவர் தலையில் விழும். வாங்கி, பிரித்து, தொட்டு, சில நாள் வைத்திருந்து அனுப்புவதுதான் உண்மையான ரிட்டர்ன். சீல் உடைந்த செல்போனை மறுபடி 'புதியது' என்று விற்க முடியாது. சிம் போட்டு இன்டர்நெட் கொடுத்த அன்றே பல நிறுவனங்களின் சர்வரில் வாரண்டி நாள் ஓடத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் மூன்றே நாள் வைத்திருந்தாலும் அடுத்து வாங்குபவருக்கு அந்த மூன்று நாள் குறைவு.

திருப்பி எடுக்க ஆள் வரும்போதே முதல் சோதனை நடந்துவிட வேண்டும். `*#06#` என்று அழுத்தினால் திரையில் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அது பெட்டியில் உள்ள எண்ணோடும், பில்லில் உள்ள எண்ணோடும் ஒத்துப்போக வேண்டும். புது போனை எடுத்துக்கொண்டு அதே மாடலில் பழைய போனைப் பெட்டிக்குள் வைத்து அனுப்புபவர்களைப் பிடிப்பதற்கான சோதனை இது. நேர்மையான வாடிக்கையாளரைக் காப்பாற்றுவதும் இதே சோதனைதான். வாசலில் எண் பார்க்கப்படாமல் போன போன், வழியில் எங்கே மாறினாலும் பழி கொடுத்தவர் மேல்தான் வரும். ஆகவே எடுக்க வருபவர் அவசரப்பட்டாலும் விடாதீர்கள். எண் தெரியும்படி திரையையும் பெட்டியையும் சேர்த்து ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்த உரிமையைக் கேட்க நம் கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

அதன் பிறகு நடப்பது காத்திருப்பு. புது பார்சல் கிடங்கிலிருந்து வாடிக்கையாளருக்கு நேர்வழியில் ஓடும். திரும்பும் பார்சல் அப்படி ஓடாது. ஊர் ஹப்பில் வண்டி நிறையும் வரை கிடக்கும். பெரிய ஹப்பில் மறுபடி பிரிபடும். பண்டிகை சேல் நாள்களில் புது சரக்குக்கே இடமில்லாதபோது ரிட்டர்ன் மூட்டைகள் ஓரமாக நிற்கும். இதற்குள் செல்போனின் விலை நகர்ந்துவிடுகிறது. அதே நிறுவனம் அடுத்த மாடலை அறிவித்தால், ஓரத்தில் நிற்கும் மூட்டைக்குள் இருக்கும் எல்லாப் போன்களின் மதிப்பும் அன்றே இறங்கும். கிடங்கு மேலாளர் என்னிடம் ஒரு பலகையைக் காட்டினார். அதில் பொருள்களின் எண்ணிக்கை எழுதியிருக்கவில்லை. ஒவ்வொரு மூட்டையும் எத்தனை நாளாக நிற்கிறது என்பதுதான் இருந்தது. "எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது இந்த நம்பர்தான்" என்றார்.

இப்போது மேஜைக்குத் திரும்புவோம். தரம் பிரிப்பதில் இரண்டு கேள்விகள் உண்டு. பார்வைக்கு எப்படி இருக்கிறது? வேலை செய்கிறதா? இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். கீறல் விழுந்த போன் நன்றாக வேலை செய்யலாம். பளபளப்பான போனுக்குள் தண்ணீர் போயிருக்கலாம்.

பார்வைக்கு ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். கையை நீட்டிப் பிடித்தால் தெரியாத கீறல் ஒரு கிரேடு, தெரிவது அடுத்த கிரேடு, நகத்தால் வருடினால் தட்டுப்படுவது அதற்கும் கீழே. வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு செயலியை ஓடவிடுகிறார்கள். திரை முழுக்க வெள்ளை, பிறகு சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் மாறும். செத்த புள்ளியோ கோடோ இருந்தால் அதில் அகப்பட்டுவிடும். திரையின் ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தடவ வேண்டும். மைக்கில் பேசி, அதையே ஸ்பீக்கரில் கேட்க வேண்டும். கடைசியாக அந்தப் பெண் போனைக் கண்ணாடிப் பலகையில் குப்புற வைத்து விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். தட்டையாக இருந்தால் உரசி நின்றுவிடும். பம்பரம்போலச் சுழன்றால் உள்ளே பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு உண்டு. கருவி எதுவும் தேவைப்படாத அந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

இந்த மேஜையின் நேரத்தைப் பெரிதும் விழுங்குவது பழுதே இல்லாத பழுது. பிடிக்கவில்லை என்று திருப்பினால் சில பொருள்களை ஏற்க மாட்டார்கள் என்பதால், பலர் 'பழுது' என்ற கட்டத்தை டிக் செய்கிறார்கள். சிலருக்கு நிஜமாகவே ஏதோ அமைப்பை மாற்றத் தெரியாமல் பழுது என்று தோன்றியிருக்கும். எப்படியானாலும் அந்தப் போன் நேராக டெக்னீஷியனிடம் போகிறது. அவர் இல்லாத பழுதைத் தேடி அரை மணி நேரம் செலவழிக்கிறார். கிடைக்காவிட்டால் சந்தேகத்தோடு ஒரு நாள் சார்ஜ் போட்டு வைத்துப் பார்க்கிறார். 'பிடிக்கவில்லை' என்று உண்மையைக் குறித்திருந்தால் அந்தப் போன் அன்று மாலையே ஓப்பன் பாக்ஸ் விற்பனைக்குப் போயிருக்கும். நாம் போகிற போக்கில் போடும் ஒரு டிக், பொருளை ஒரு வாரம் தவறான வரிசையில் நிறுத்திவிடுகிறது. இதில் வாடிக்கையாளரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உண்மையைச் சொன்னவர் நஷ்டப்படும்படி படிவத்தை வைத்தால் யாரும் உண்மை சொல்லப்போவதில்லை.

சரி, பழுது நிஜமாகவே இருக்கிறது. பழுது பார்ப்பதா, தள்ளிவிடுவதா? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு நான் வைத்தவை. மேலாளர் தாளில் போட்டுக்காட்டிய முறை இதுதான்.

புதிதாக ரூ.16,000-க்கு விற்ற போன். இருக்கிற நிலையிலேயே மொத்த வியாபாரியிடம் லாட்டில் தள்ளினால் ரூ.8,500 கையில் வரும், நாளைக்கே வரும். சார்ஜிங் போர்டு மட்டும் போயிருக்கிறது என்று வையுங்கள். பாகம் 450, கூலி 300, சோதனையும் துடைப்பும் புதுப் பெட்டியும் 200. மறுபடி விற்றால் கமிஷனும் அனுப்பும் செலவும் 800. ஆறு மாத வாரண்டி கொடுத்து விற்பதால் அதற்காக ஒதுக்க வேண்டியது 300. மொத்தம் 2,050. ரூ.12,500-க்கு விற்றால் மிஞ்சுவது 10,450. தள்ளிவிடுவதைவிட 1,950 அதிகம். பழுது பார்க்க வேண்டியதுதான்.

அதே போன், அதே கிரேடு. போர்டுக்குப் பதில் திரை போயிருந்தால் பாகம் மட்டும் 3,400. மிஞ்சுவது 7,500. லாட் விலையைவிட ஆயிரம் குறைவு. நன்றாக ஓடக்கூடிய போன், பழுது பார்க்கத் தெரிந்த ஆளும் பக்கத்திலேயே இருக்கிறார். ஆனாலும் அது மூட்டைக்குத்தான் போகும். அங்கிருந்து ரிச்சி தெரு போன்ற சந்தைகளுக்குப் போய்ச் சேரும் போன்களை வாங்குபவர் வேறு கணக்குப் போடுவார். இரண்டு உடைந்த போன்களிலிருந்து ஒரு நல்ல போனைத் தேற்றுவார், திரையை மலிவாகப் பிடிப்பார், வாரண்டி தர மாட்டார். ஒருவருக்குக் கட்டாதது இன்னொருவருக்குக் கட்டுவது இப்படித்தான்.

முதல் கணக்கிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. சார்ஜிங் போர்டு கையிருப்பில் இல்லை, ஒரு மாதம் ஆகும் என்றால்? அதற்குள் விற்பனை விலை 11,000-க்கு இறங்கினால் மிஞ்சுவது 8,950. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாக இருந்த லாபம் 450 ஆகிவிடுகிறது. இன்னொரு முறை விலை இறங்கினால் அதுவும் போய்விடும். மேலாளருடைய தூக்கத்தைக் கெடுப்பது எது என்று இப்போது விளங்கும்.

செல்போனுக்காவது இந்தக் கணக்குப் போட இடமிருக்கிறது. ரூ.499 குர்த்திக்கு அதுவும் இல்லை. போக 60, திரும்பி வர 90, பிரித்துப் பார்த்து, இஸ்திரி போட்டு, புது டேகும் கவரும் மாட்ட 35. ஒருமுறை திரும்பினாலே 185 ரூபாய். தைக்க 210 ஆன துணிக்கு இது. இரண்டாவது முறையும் திரும்பினால் தைத்த விலையைவிட அலைந்த விலை அதிகமாகிவிடும். எம் சைஸும் எல் சைஸும் சேர்த்து ஆர்டர் போட்டு, பொருந்தாததை அனுப்பிவிடும் பழக்கம் வாங்குபவருக்கு வசதி. சின்ன விற்பனையாளருக்கு அது தாங்காது.

துணிக்கான மேஜையில் டார்ச் இல்லை, மூக்குதான் கருவி. அங்கே இருந்த அக்கா ஒவ்வொரு துணியையும் கழுத்துப் பட்டியை விரித்துப் பார்க்கிறார், அங்கேதான் பவுடரும் ஃபவுண்டேஷனும் ஒட்டியிருக்கும். பிறகு அக்குள் பக்கத்தை முகர்கிறார். ஒரு விசேஷத்துக்குக் கட்டிக்கொண்டு போய்விட்டு டேகைத் திரும்ப மாட்டி அனுப்பியதை நூலின் முடிச்சே காட்டிக்கொடுத்துவிடுகிறது என்றார். கறை இருந்தால் துவைப்பது கிடையாது. துவைத்தால் கஞ்சி போய்விடும், பிறகு புதிது என்று எப்படி விற்பது? அது கிலோ கணக்கில் போகும் மூட்டைக்குப் போய்விடும். உள்ளாடை என்றால் விற்பனைக்கே கிடையாது, வெட்டித் தள்ளிவிடுகிறார்கள்.

தள்ளிவிடுவது லாபம் என்று ஆகிவிட்டால் நல்ல துணியும் அழியும். இதைத் தடுக்கத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. விற்காமல் நின்ற துணியையும் செருப்பையும் பெரிய நிறுவனங்கள் அழிக்கக் கூடாது; அந்தத் தடை நடப்புக்கு வருவதற்கான நாள் 2026 ஜூலை 19. வாங்கியவர் மனம் மாறித் திருப்பியனுப்பியதும் அந்தச் சட்டத்தின் கணக்கில் 'விற்காதது'தான். திருப்பூரில் தைத்த பனியனும் அந்த ஐரோப்பிய அலமாரிகளில் இருக்கிறது என்பதால் இது நமக்குத் தொலைதூரச் செய்தி இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தினால்தான் கணக்கு மாறும் என்பது என் கருத்து. அன்று பார்த்த மூட்டைகள் அதை உறுதிப்படுத்தின.

பழுது பார்க்கத் தேறிய போன்களுக்கு வருவோம். திறப்பதற்கு முன் அழிப்பது நடக்கும். இன்றைய போன்களில் தகவல் எல்லாம் பூட்டிய நிலையிலேயே எழுதப்படுகிறது. ஃபேக்டரி ரீசெட் செய்யும்போது அந்தப் பூட்டின் சாவியைப் போன் அழித்துவிடுகிறது. சாவி இல்லாமல் உள்ளே இருப்பது வெறும் குப்பை. ஆனால் போட்டு மறந்த மெமரி கார்டுக்கு இது பொருந்தாது. மேஜை ஓரத்தில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. ரிட்டர்ன் போன்களிலிருந்து எடுத்த சிம் கார்டுகளும் மெமரி கார்டுகளும் அதில் பாதிக்கு மேல் நிறைந்திருந்தன. யாருடைய கல்யாணப் படமோ, யாருடைய குழந்தையின் முதல் வீடியோவோ. வார இறுதியில் அவற்றை நறுக்கிப் போட்டுவிடுகிறார்கள். நல்ல கிடங்கு என்பதால் நறுக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

விற்கும் இடத்தில் இரண்டு பெயர்களைப் பார்ப்பீர்கள். ஓப்பன் பாக்ஸ் என்றால் பிரிக்கப்பட்டது, பழுது இல்லை, திறந்து வேலை பார்க்கவும் இல்லை. ரீஃபர்பிஷ்டு என்றால் சோதித்து, தேவையானதை மாற்றியது. 'ஏ கிரேடு', 'சூப்பர்ப்' என்பதெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தானே வைத்துக்கொண்ட அளவு. ஒருவரது 'ஏ' இன்னொருவரது 'பி'யாக இருக்கலாம். ஆகவே கிரேடைக் கேட்பதைவிட என்ன மாற்றினார்கள், வாரண்டி யார் தருகிறார்கள் என்று கேட்பது பயன் தரும். கைக்கு வந்ததும், `KYM` என்று டைப் செய்து இடைவெளி விட்டு 15 இலக்க எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது தடை செய்யப்பட்ட எண்ணா என்று தெரிந்துவிடும்.

சிவப்புத் தட்டுக்குப் போன தண்ணீர் பட்ட போனை மாலையில் மறுபடி பார்த்தேன். பிரித்திருந்தார்கள். கேமரா, ஸ்பீக்கர், அதிர்வு மோட்டார் ஆகியவை தனித்தனிப் பைகளில் இருந்தன. மதர்போர்டின் ஓரத்தில் பச்சைப் பாசிபோல அரிப்பு. இன்று ஓடினாலும் நாளை நின்றுவிடும், அதனால் அதை விற்க மாட்டார்கள். பேட்டரியைத் தனியே கழற்றி மணல் நிரப்பிய டிரம் அருகே வைத்திருந்தார்கள். உப்பியது, நசுங்கியது, தண்ணீர் பட்டது எல்லாம் தீப்பிடிக்கக்கூடியவை. பழுதான லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்பவே தடை உண்டு. மிச்சம் இருக்கும் போர்டும் சட்டமும் பழைய இரும்புக் கடைக்குப் போகக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். செல்போன் தயாரிப்பவர்கள் தாங்கள் விற்றதில் ஒரு பங்குக்குச் சமமான மறுசுழற்சியைக் கணக்குக் காட்டியாக வேண்டும். இந்தப் பங்கு 60 சதவீதத்தில் தொடங்கி 2027-28 முதல் 80 ஆகிறது. காகிதத்தில் இது சரியாகத்தான் இருக்கிறது. லாட்டில் போன மூட்டை மூன்று கை மாறிய பிறகு அதில் மிஞ்சும் கழிவு எங்கே போகிறது என்பதுதான் யாருடைய பதிவேட்டிலும் இல்லாத பகுதி. சந்துக்குள் போர்டை ஆசிடில் போட்டுத் தங்கம் எடுப்பவர்களின் நுரையீரலுக்குள்தான் அது முடிகிறது.

கிளம்பும் நேரத்தில் அந்தப் பெண் கடைசியாக ஒரு போனை எடுத்தார். கீறல் இல்லை, சிம் பொந்துக்குள் புள்ளி வெள்ளை, கண்ணாடியில் சுழலவில்லை. ஏ கிரேடு. ரீசெட் செய்திருந்தார்கள். இயக்கியதும் வரவேற்புத் திரை வந்தது, மொழி கேட்டது, வைஃபை கேட்டது. பிறகு, இதற்கு முன் இந்தப் போனில் இருந்த கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நின்றுவிட்டது.

திருட்டைத் தடுக்க 2015-இல் ஆண்ட்ராய்டில் வந்த பூட்டு அது. செட்டிங்ஸுக்குள் போய் கணக்கை நீக்கிவிட்டு ரீசெட் செய்தால் இந்தப் பூட்டு விழாது. பொத்தான்களை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்தால் விழும். ஐபோனிலும் இதே நிலைதான். 2024-இல் வந்த ஐஓஎஸ் 18-க்குப் பிறகு திரை, பேட்டரி போன்ற கழற்றிய பாகங்களுக்குக்கூட அந்தப் பூட்டு தொடர்கிறது.

"கஸ்டமருக்கு மூணு தடவை கூப்பிடுவாங்க சார். பணம் திரும்பி வந்தாச்சுல்ல, தெரியாத நம்பர்னு எடுக்க மாட்டாங்க" என்றார். தட்டின் மேல் மஞ்சள் சீட்டு ஒட்டினார். தேதி எழுதினார். பதினைந்து நாள் பார்ப்பார்களாம். பதினாறாம் நாள் ஸ்க்ரூடிரைவர்.